ஓ.பி. கவுண்டருக்கு ஒரு ட்ரையாஜ் படம்: நிறுத்தங்களிலிருந்து வரையத் தொடங்குவோம்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட ஊர்களில் அரசு சுகாதார மையத்துக்கு வருபவர் முதலில் சந்திப்பது மருத்துவரை அல்ல, ஓ.பி. சீட்டு எழுதுபவரை. 2017-இல் கேரளம் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் குடும்ப சுகாதார மையங்களாக மாறின. அதன் பிறகு சீட்டுக்கும் மருத்துவருக்கும் நடுவே ஒரு நர்ஸ் அமர்ந்து ரத்த அழுத்தம், காய்ச்சல், எடை பார்க்கும் முன்பரிசோதனை மேசையும் வந்தது. ஆக, ஒரு நோயாளி மருத்துவரை அடையுமுன் இரண்டு மேசைகளைக் கடக்கிறார். யாரை வரிசையில் உட்கார வைக்கலாம், யாரை ஒரு நிமிடம்கூட உட்கார வைக்கக் கூடாது என்பது இந்த இரண்டு மேசைகளில்தான் தீர்மானமாகிறது. அந்தத் தீர்மானத்தை ஒரே தாளில் வரையும் முறை இது. பாய்வுப்படம் எதையும் இதுவரை வரையாதவரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

## இரண்டு மேசை, இரண்டு தாள்

கவுண்டரில் இருப்பவரிடம் கருவி எதுவும் இல்லை. கண்ணும் காதும்தான் உண்டு. அவர் மருத்துவம் படித்தவராகவும் இருக்கமாட்டார். முன்பரிசோதனை நர்ஸிடம் பி.பி. கருவி, தெர்மாமீட்டர், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் எல்லாம் இருக்கும். இருவருக்கும் ஒரே படத்தைக் கொடுத்தால், கவுண்டரில் இருப்பவர் தன்னால் பதில் சொல்ல முடியாத கேள்வியில் மாட்டிக்கொள்வார். அதனால் தாள் 1 கவுண்டருக்கு, தாள் 2 நர்ஸுக்கு. தாள் 1-இன் கேள்விகள் எல்லாம் பார்த்தோ, ஒரே வாக்கியத்தில் கேட்டோ பதில் கிடைக்கக் கூடியவையாக இருக்க வேண்டும்.

உள்ளடக்கத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழுவும் எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பும் சேர்ந்து உருவாக்கிய ட்ரையாஜ் கருவி சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறங்களில் இருக்கிறது. 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதில் தனிப் பக்கம் உண்டு. அதை ஆதாரமாக வைத்து, உங்கள் மையத்தின் மருத்துவ அலுவலரோடு உட்கார்ந்து சுருக்கிக்கொள்ளுங்கள். எந்த அறிகுறி எந்த நிறம் என்று முடிவு செய்வது அவர் பொறுப்பு. வரைபவரின் பொறுப்பு, அந்த முடிவு மேசையில் இருப்பவருக்குத் தடுமாற்றமில்லாமல் போய்ச் சேருவது.

## முதலில் நிறுத்தங்கள்

பெரும்பாலானோர் மேலே 'நோயாளி வருகிறார்' என்று ஒரு பெட்டி போட்டு, அங்கிருந்து கேள்வி கேள்வியாகக் கீழே இறங்குவார்கள். பாதித் தாளில் இடம் தீர்ந்துவிடும். சில அம்புகள் எங்கும் போய்ச் சேராமல் தொங்கும். ட்ரையாஜ் படத்தைத் தலைகீழாக வரைய வேண்டும். நோயாளி எங்கெல்லாம் போய் நிற்க முடியும் என்பதை முதலில் எழுதுங்கள். தாள் 1-க்கு நான் மூன்று நிறுத்தங்களுக்கு மேல் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஒவ்வொரு நிறுத்தமும் நான்கு விஷயங்களைச் சொல்ல வேண்டும்: எங்கே, யாரிடம், எவ்வளவு நேரத்துக்குள், கவுண்டரில் இருப்பவர் எப்போது கையை எடுக்கலாம். 'உடனடியாக மருத்துவ உதவி தேவை' என்று எழுதினால் அது நிறுத்தம் ஆகாது. யார் உதவுவது என்று அதில் இல்லை. இப்படி எழுதினால் நிறுத்தம்:

சிவப்பு. சீட்டு எழுத வேண்டாம். நோயாளியை விட்டு நகர வேண்டாம். உரத்த குரலில் நர்ஸை அழைக்கவும். நர்ஸ் வந்து நோயாளியைத் தொட்ட பிறகே கவுண்டருக்குத் திரும்பவும். இடம்: கட்டில் இருக்கும் நிரீட்சண அறை. நேரம்: இப்போது.

மஞ்சள். சீட்டு எழுதி மூலையில் மஞ்சள் ஸ்டிக்கர். நோயாளியை முன்பரிசோதனை மேசைக்குக் கூட்டிக்கொண்டு போய், வரிசைக்கு முன்னால் உட்கார வைக்கவும். சீட்டை நர்ஸ் கையில் கொடுத்ததும் உங்கள் வேலை முடிந்தது.

பச்சை. வழக்கமான சீட்டு, வழக்கமான வரிசை. 'உட்கார்ந்திருக்கும்போது மோசமானால் உடனே இங்கே வந்து சொல்லுங்க' என்று சொல்லிய பிறகே அடுத்தவரைக் கூப்பிடவும்.

சிவப்பில் 'தொட்ட பிறகே' என்ற சொல் வேண்டுமென்றே போட்டது. 'நர்ஸிடம் தெரிவிக்கவும்' என்று எழுதினால், ஒரு குரல் கொடுத்துவிட்டுச் சீட்டு எழுதப் போய்விடுவார்கள். நர்ஸ் காதில் விழுந்ததா என்று யாருக்கும் தெரியாது. கைமாறியது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

மருத்துவர் இல்லாத நேரத்துக்கும் இதே மூன்று நிறுத்தங்கள் பொருந்துகின்றனவா என்று இப்போதே பாருங்கள். குடும்ப சுகாதார மையத்தின் ஓ.பி. நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை. மருத்துவர் களப்பணிக்குப் போயிருக்கும் வேளையில் சிவப்பு நோயாளி வந்தால், அதே சிவப்புப் பெட்டியில் இரண்டாவது வரியாக '108-ஐ அழைக்கவும்' என்பதும், நோயாளியை அனுப்ப வேண்டிய மருத்துவமனையின் பெயரும் இருக்க வேண்டும்.

## கட்டங்களும் திசையும்

தொடக்கத்துக்கும் நிறுத்தத்துக்கும் முனை வளைந்த பெட்டி, கேள்விக்கு வைரம், செய்ய வேண்டிய வேலைக்குச் சதுரம். இவ்வளவு போதும். அதைவிட முக்கியம் திசை. 'ஆம்' எப்போதும் வலப்பக்கம், 'இல்லை' எப்போதும் கீழே. ஒரே ஒரு வைரத்தில்கூட இது மாறக் கூடாது. அப்படி வரைந்தால் சிவப்பு நிறுத்தம் தாளின் வலது ஓரம் முழுக்க ஒரு நீண்ட பட்டையாக நிற்கும். கேள்விகள் இடது ஓரமாக ஒரே நேர்கோட்டில் இறங்கும். அவசரத்தில் படிப்பவர் கண் கீழே மட்டும் ஓடினால் போதும். முதல் 'ஆம்' வந்ததும் வலப்பக்கம் திரும்பி நின்றுவிடும்.

முதல் 'ஆம்' என்றால் அங்கேயே நிற்க வேண்டும் என்பதைத் தாளின் தலையில் எழுதிவிடுங்கள். மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பவரிடம் 'வாந்தி இருக்கா, மயக்கம் இருக்கா' என்று மீதிக் கேள்விகளையும் கேட்டு முடிப்பது நல்ல எண்ணத்தில் நடக்கும் தாமதம். எந்த வியாதி என்று கவுண்டர் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

சிவப்பு, மஞ்சள் என்ற சொற்களைப் பெட்டிக்குள் எழுதவும் வேண்டும். நகல் எடுத்தால் நிறம் சாம்பலாகிவிடும், நிறம் பிரித்தறிய முடியாதவர்களும் மேசையில் உட்காருவார்கள்.

## கேள்விகளை அடுக்குவது

வரிசை உயிர் போகும் வேகத்தைப் பொறுத்தது. கேட்காமல் கண்ணால் பார்க்கும் கேள்விகள் முதலில் வரும்: கூப்பிட்டால் பதில் இல்லையா, வலிப்பு நடக்கிறதா, மூச்சுவிடத் திணறுகிறாரா, ரத்தம் நிற்காமல் வழிகிறதா. இந்த நான்கையும் ஒரே வைரத்துக்குள் போட்டுவிடலாம். ஏதாவது ஒன்று 'ஆம்' என்றால் வழி ஒன்றுதான்.

அடுத்த வைரம் பாம்புக்கடி. கடித்த இடத்தில் எதுவும் தெரியாவிட்டாலும், என்ன பாம்பு என்று தெரியாவிட்டாலும் சிவப்புதான்.

மூன்றாவது நெஞ்சு. மூல கருவியில் திடீர் நெஞ்சுவலி 50 வயதைத் தாண்டியவருக்குச் சிவப்பு. இங்கே அந்த வயதுக் கோட்டை எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. கவுண்டரில் இருப்பவர் வயதைக் கேட்டுக் கணக்கிட வேண்டியதில்லை, நாற்பதுகளில் மாரடைப்பு வருவது நம் ஊர்களில் அபூர்வமும் அல்ல. கேள்வியை எழுதும் விதத்தில்தான் உண்மையான சிக்கல். 'நெஞ்சுவலி இருக்கா' என்று கேட்டால் பலர் 'இல்ல, கேஸ்தான்' என்பார்கள். ஆகவே வைரத்துக்குள்: 'நெஞ்சில், மேல்வயிற்றில், தாடையில், இடது தோளில் வலியோ அழுத்தமோ எரிச்சலோ புதுசா இருக்கா? கேஸ் என்று சொன்னாலும் ஆம்.' நிரீட்சண அறைக்குப் போனதும் 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுப்பது நர்ஸின் தாளில் இருக்கும்.

நான்காவது கர்ப்பிணி. ரத்தப்போக்கு, வலிப்பு, கடுமையான தலைவலி, கண் மங்கல், தாங்க முடியாத வயிற்றுவலி, பிரசவ வலி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் சிவப்பு. வழக்கமான மாதப் பரிசோதனைக்கு வந்தவர் இந்த வைரத்தில் 'இல்லை' வழியாக இறங்கிவிடுவார்.

## கண்ணறவிளை கற்றுத்தந்த ஐந்தாவது கேள்வி

2024 ஜூலை, ஆகஸ்டில் நெய்யாற்றின்கரை அருகே அதியன்னூர் ஊராட்சியின் கண்ணறவிளைப் பகுதியில் அமீபா மூளைக்காய்ச்சல் வந்தது. காவின்குளம் என்ற ஒரே குளத்தைப் பயன்படுத்திய இளைஞர்கள் பாதிக்கப்பட்டார்கள். ஒருவர் இறந்தார். மற்ற பலர் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை பெற்று மீண்டார்கள். உலகெங்கும் இந்த நோய் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இறந்துவிடும் நிலையில் இப்படிப் பலர் மீண்டது அபூர்வம். நோயைச் சீக்கிரம் சந்தேகித்து மருந்து தொடங்கியது அதற்கு முக்கியக் காரணம்.

சந்தேகம் எங்கே பிறக்க வேண்டும்? தொடக்க நாளில் இந்த நோய் வந்தவருக்கு இருப்பது காய்ச்சல், தலைவலி, வாந்தி. மழைக்காலத்தில் கவுண்டருக்கு வரும் பாதிப்பேருக்கும் இதுதான் இருக்கும். மூல கருவி சொல்வது: மனநிலை மாற்றம், கழுத்து விறைப்பு, காய்ச்சல், தலைவலி ஆகிய நான்கில் இரண்டு இருந்தால் சிவப்பு. இதை அப்படியே எடுத்தால் டெங்கு, எலிக்காய்ச்சல் பரவும் வாரத்தில் வரிசையில் இருக்கும் எல்லோரும் சிவப்பாகிவிடுவார்கள். எல்லோரும் சிவப்பென்றால், நர்ஸ் நான்காவது அழைப்பிலிருந்து ஓடி வருவதை நிறுத்திவிடுவார். பிறகு உண்மையான சிவப்புக்கும் வரமாட்டார்.

ஆகவே இந்த இடத்தில் இரண்டு வைரங்களாகப் பிரிக்கலாம். முதல் வைரம்: 'காய்ச்சலோடு கழுத்தைக் குனிய முடியவில்லையா, பேச்சு குழறுகிறதா, ஆளை அடையாளம் தெரியவில்லையா?' ஆம் என்றால் சிவப்பு. இரண்டாவது: 'காய்ச்சலும் தலைவலியும் இருக்கு. இரண்டு வாரத்துக்குள்ள குளத்துலயோ ஆத்துலயோ தேங்கின தண்ணியிலயோ குளிச்சீங்களா, முகம் கழுவினீங்களா?' ஆம் என்றால் மஞ்சள். கூடவே சீட்டில் 'குளம்' என்ற ஒரே சொல்லை எழுத வேண்டும். அந்தச் சொல்தான் மருத்துவர் பார்க்கும்போது கேள்வியைக் கிளப்பும். வயலிலும் ஓடையிலும் இறங்கி வேலை செய்கிறவருக்கு எலிக்காய்ச்சலையும் அதே சொல் நினைவூட்டும்.

## தெரியவில்லை என்றால்

ஒவ்வொரு வைரத்திலிருந்தும் சரியாக இரண்டு அம்புகள் வெளியேற வேண்டும். ஆனால் மேசையில் மூன்று விதப் பதில் வரும். பேச முடியாத முதியவர், கூட வந்தவருக்கு விவரம் தெரியாத நிலை, மொழி புரியாத நேரம், இவை எல்லாம் 'தெரியவில்லை'. எல்லா வைரத்துக்கும் பொதுவாக ஒரே விதி போதும்: தெரியவில்லை என்றால் ஆம். மூன்றாவது அம்பு வரையத் தேவையில்லை.

எல்லையோரத்தில் மொழி ஒரு நிஜமான தடை. களியக்காவிளை பக்கத்திலிருந்து வரும் பாட்டிக்கு மலையாளக் கேள்வி பாதிதான் புரியும். தமிழ் தெரியாத ஊழியரும் மேசையில் இருப்பார். ஆகவே ஒவ்வொரு வைரத்திலும் கேள்வி இரண்டு மொழியில், மேசையில் வாயால் கேட்கும் நடையில் இருக்கட்டும். 'சுவாசக் கோளாறு உள்ளதா' என்று எழுதாதீர்கள். 'அம்மா, மூச்சு எடுக்க கஷ்டமா இருக்கா?' என்று எழுதினால் ஊழியர் அதை அப்படியே வாசிக்கலாம்.

ஆதார், முகவரி, காப்பீட்டு அட்டை எந்த மாநிலம் என்ற கேள்விகளின் இடம் பச்சை நிறுத்தத்துக்குக் கீழே. அதற்கு மேலே ஒன்றுகூட வரக் கூடாது.

## தாள் 2: கருவியோடு

மஞ்சளும் பச்சையும் வந்து சேரும் இடம் நர்ஸ் மேசை. இங்கே படம் குட்டையானது. மஞ்சளைச் சிவப்பாக உயர்த்தும் அளவுகள் என்ன என்பதுதான் முக்கியக் கேள்வி. பெரியவர்களுக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60-க்குக் கீழே அல்லது 130-க்கு மேலே, மூச்சு 10-க்குக் கீழே அல்லது 30-க்கு மேலே, ஆக்சிஜன் 92 சதவீதத்துக்குக் கீழே, வெப்பம் 36 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அல்லது 39-க்கு மேலே. இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் மேலே 160 அல்லது கீழே 110 தொட்டால் அதுவே சிவப்பு.

குழந்தைகளுக்கு மூச்சு எண்ணுவதே முதல் கருவி. குழந்தை அழாமல் இருக்கும்போது முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 2 மாதத்துக்கு உட்பட்டதற்கு 60, அதன் பிறகு ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40, அல்லது அதற்கு மேல் போனால் வேகமான மூச்சு. பால் குடிக்க முடியாமை, குடித்ததெல்லாம் வாந்தியாவது, வலிப்பு, தூங்கி வழிவது இவற்றில் ஒன்று இருந்தால் எண்ணிக்கைக்குக் காத்திருக்காமல் சிவப்பு.

நாய்க்கடிக்கும் இங்கே ஒரு சதுரம் வேண்டும். கவுண்டரில் அது மஞ்சள். ஆனால் நர்ஸ் மேசைக்கு வருமுன் குழாயடிக்குப் போக வேண்டும்: சோப்பும் ஓடும் தண்ணீரும் சேர்த்து 15 நிமிடம் கடிவாயைக் கழுவுவது. வரிசையில் உட்கார்ந்திருக்கும் நேரத்தை இந்தக் கழுவலுக்குக் கொடுக்கலாம். இதை வீட்டிலேயே செய்ததாகச் சொன்னாலும் மறுபடி செய்யச் சொல்லுங்கள்.

## ஒருவரைப் படத்தில் நடத்திப் பார்ப்போம்

கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலை 10 மணி. 46 வயது, ரப்பர் வெட்டுபவர். தானாக நடந்து வருகிறார், முகம் வேர்த்திருக்கிறது. 'வெளுப்பாங்காலத்துலேர்ந்து கேஸு, ஒரு மாத்திரை போதும்' என்கிறார்.

முதல் வைரம்: பதில் சொல்கிறார், வலிப்பில்லை, திணறவில்லை, ரத்தமில்லை. கீழே. பாம்புக்கடி இல்லை. கீழே. மூன்றாவது வைரத்தில் 'கேஸ் என்று சொன்னாலும் ஆம்' என்று எழுதியிருக்கிறது. 'அண்ணே, எரிச்சல் எங்க இருக்கு?' என்று கேட்டதும் கையை நெஞ்சின் நடுவில் வைக்கிறார். வலப்பக்கம், சிவப்பு. சீட்டு இல்லை, பெயர்கூட எழுதவில்லை. நர்ஸ் வந்து கையைப் பிடித்ததும் கவுண்டர் ஊழியர் திரும்புகிறார். அதிகம் போனால் ஒரு நிமிடம் ஆகியிருக்கும். ஈ.சி.ஜி. இயல்பாக வந்து, மருத்துவர் வேறு காரணம் கண்டு மருந்து கொடுத்து அனுப்பினாலும் படம் தன் வேலையைச் சரியாகவே செய்தது. மிகையாகச் சிவப்பானவர்களைக் கணக்கில் வையுங்கள், அதற்காக ஊழியரைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஒருமுறை கடிந்தால் அடுத்த கேஸ்காரர் பச்சை வரிசையில் உட்காருவார்.

வயதுக் கோட்டை எடுக்காமல் விட்டிருந்தால் இதே மனிதர் 46 என்ற எண்ணுக்காகக் கீழே இறங்கியிருப்பார்.

## காத்திருப்பவர்களின் வளையம்

பச்சையில் உட்கார்ந்தவர் அரைமணியில் சிவப்பாகலாம். எனவே பச்சை நிறுத்தத்திலிருந்து முதல் வைரத்துக்குத் திரும்பும் ஒரு அம்பு வேண்டும். எப்போது திரும்புவது என்று எழுதாவிட்டால் அந்த அம்பு யாரையும் அசைக்காது. ஒவ்வொரு மணிக்கும் நர்ஸ் எழுந்து காத்திருப்போரை ஒருமுறை கண்ணால் சுற்றிப் பார்ப்பது, மஞ்சள் ஸ்டிக்கர்காரரை 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பது என்று நான் எழுதுவேன். உங்கள் கூட்டத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். வளையத்துக்கும் ஒரு முடிவு வேண்டும். மஞ்சள் நோயாளியை இரண்டு முறை சுற்றிப் பார்த்தும் மருத்துவர் இன்னும் கூப்பிடவில்லை என்றால், நர்ஸ் நேராக மருத்துவர் அறைக்குள் போய்ச் சொல்ல வேண்டும். வெளியேறும் வழியில்லாத வளையம் படத்தில் இருக்கவே கூடாது.

## எல்லையில் முடியும் அம்பு

சிவப்புப் பெட்டியில் 'பெரிய மருத்துவமனைக்கு அனுப்பவும்' என்று விடாதீர்கள். பெயர் வேண்டும். பாறசாலை தாலுகா மருத்துவமனை, நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனை, திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி, குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எஸ்.ஏ.டி., எல்லை தாண்டினால் குழித்துறை அரசு மருத்துவமனை, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி. பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்தும் ஈ.சி.ஜி.க்குப் பிந்திய சிகிச்சையும் எங்கே எந்நேரமும் கிடைக்கும் என்பதை மருத்துவ அலுவலர் தொலைபேசியில் உறுதிசெய்த பிறகே பெயரை எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி கேளுங்கள். ஒவ்வொரு அவசரத்துக்கும் ஒரு பெயர் மட்டும் எழுதுங்கள். இரண்டு பெயர் இருந்தால் ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும்போது உறவினர்களோடு விவாதம் தொடங்கிவிடும்.

108-க்கு மையத்தின் தொலைபேசியிலிருந்து அழைத்தால் எந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறை எடுக்கிறது, ஊழியர்களின் செல்போனிலிருந்து அழைத்தால் எது எடுக்கிறது என்பதை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அழைத்தவுடன் சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் பெட்டியில் எழுதுங்கள்: மையத்தின் பெயர், ஊராட்சி, அருகிலுள்ள அடையாளம், நோயாளியின் நிலை.

## ஒட்டுவதற்கு முன்

போன வாரத்து ஓ.பி. பதிவேட்டிலிருந்து இருபது பேரின் வயதையும் முதல் வாக்கியத்தையும் பெயரில்லாமல் துண்டுச் சீட்டுகளில் எழுதுங்கள். படத்தை முன்பின் பார்க்காத ஊழியர் ஒருவர் ஒவ்வொரு சீட்டையும் விரலால் பின்தொடர்ந்து நிறம் சொல்லட்டும். மருத்துவ அலுவலர் தனியாக நிறம் எழுதட்டும். அவர் சிவப்பு என்றதை ஊழியர் பச்சை என்றிருந்தால், ஒரே ஒரு சீட்டானாலும், படத்தைத் திருத்தி மீண்டும் இருபதையும் ஓட்டுங்கள். ஊழியரின் விரல் எங்கே தயங்கி நிற்கிறது என்றும் பாருங்கள். அங்கே உள்ள வைரத்தில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது யாரும் பேசாத சொல் ஒன்று இருக்கும்.

பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலிருந்தும் அம்பைப் பின்னோக்கிப் பிடித்து மேலே போய்ப் பாருங்கள். தொடக்கத்துக்கு வந்து சேராத நிறுத்தம் இருந்தால் அதற்கு நோயாளி எவரும் போகப்போவதில்லை, எடுத்துவிடுங்கள். கீழ் ஓரத்தில் தேதி, மருத்துவ அலுவலரின் கையெழுத்து, அடுத்து திருத்த வேண்டிய மாதம் ஆகியவை இருக்கட்டும். ஏ3 தாளில் எடுத்து லேமினேட் செய்து, நோயாளியைப் பார்த்தபடியே ஊழியர் படிக்கக்கூடிய மேசை மட்டத்தில் ஒட்டுங்கள். பழைய பிரதி எதுவும் மேசை இழுப்பறையில் தங்கக் கூடாது. திருத்திய அன்றே பழையதைக் கிழித்துவிடுங்கள்.